கடைசிக் கிலோவை எடுக்கலாமா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் மல்லிகை வாங்க நிற்கும் தெருமுனைப் பூக்காரம்மாவுக்கு எத்தனை கிலோ எடுப்பது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. விடியலில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்ததும் விரியத் தொடங்கும். விரிந்த சரத்துக்கு மறுநாள் விலை கிடையாது. துணி, பாத்திரம் விற்பவர்களைப் போல மீந்ததை எடுத்து வைத்து அடுத்த வாரம் விற்க முடியாது.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். மல்லி கிலோ 400 ரூபாய். நெருக்கமாகக் கட்டினால் கிலோவுக்கு 40 முழம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முழத்துக்குப் பூவின் அடக்கம் 10 ரூபாய். விற்பது 20 ரூபாய்க்கு. நார், ஆட்டோக் கூலியெல்லாம் தனி. வாடிக்கை வீடுகள், சாமி படத்துக்குச் சரம் வாங்கும் கடைகள், சாயங்காலம் பேருந்துக்கு நிற்கும் பெண்கள் என்று 2 கிலோ எப்படியும் போய்விடும். யோசனையெல்லாம் மூன்றாவது கிலோவைப் பற்றித்தான். அதில் 20 முழம் விற்றாலே போட்ட காசு வந்துவிடும். பாதி வாடினாலும் கையைக் கடிக்காது. அதனால் துணிந்து எடுக்கலாம்.

பொங்கலுக்கு முந்தின நாள் கதை வேறு. மார்கழிப் பனியில் செடியில் மொட்டு குறைந்துவிடும், தேவையோ கூடிவிடும். கிலோ 2000 என்றால் முழத்தின் அடக்கம் 50. அதை 70 ரூபாய்க்கு மேல் சொன்னால் வாடிக்கைக்காரர் முகம் மாறும். இப்போது அதே மூன்றாவது கிலோவில் 29 முழம் விற்றால்தான் முதல் தேறும். மிச்சம் 11 முழத்தில்தான் லாபம். பண்டிகை நாளில் நிறைய எடுத்தால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். அடக்கம் ஏறிய அளவுக்கு விற்கிற விலை ஏறாததால், விலை உச்சியில் இருக்கும் நாளில்தான் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கடன் வாங்கி முதல் போட்டால் கணக்கு இன்னும் இறுகும். காலையில் 900 கொடுத்து மாலையில் 1000 வாங்கும் வட்டிக்காரர்கள் சந்தைப் பக்கங்களில் உண்டு. அந்தக் கணக்கில் 2000 ரூபாய்க்கு இரவுக்குள் 2200 ரூபாய்க்கு மேல் திருப்ப வேண்டும். 29 முழம் 32 முழம் ஆகிவிடுகிறது. வட்டிக்கு எடுத்த பூவைக் கூடுதலாக வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம்.

வாங்குகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. இரண்டு முழம் வாங்குகிறவர் பண்டிகை விலையைக் கேட்டதும் ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்வார். ‘அரை முழம் போதும்க்கா, சாமிக்கு மட்டும்தான்’ என்பார் இன்னொருவர். கூட்டம் இரட்டிப்பானாலும் விற்கும் முழம் இரட்டிப்பாகாது. இதைச் சமாளிக்க, இடையிடையே கனகாம்பரம் வைத்துக் கதம்பமாகக் கட்டுவார்கள். விலை மலிவான காக்கரட்டானைச் சேர்ப்பவர்களும் உண்டு. சிலர் முழத்தையே கொஞ்சம் குறுக்கிவிடுவார்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளக்க வேண்டிய சரம் மணிக்கட்டைத் தாண்டியதுமே நின்றுவிடும். தெருவில் அதைக் கவனிக்காத பெண் இல்லை. ஒரு நாள் மிச்சத்துக்காக ஒரு வருஷ வாடிக்கையை இழப்பது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

எவ்வளவு எடுப்பது என்று தீர்ந்த பிறகும் எந்த மூட்டையில் எடுப்பது என்பது பாக்கி. மூட்டையின் மேல்பூவைப் பார்த்து ஏமாறாமல், நடுவில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே சூடாக இருந்தால் பூ வெகுநேரம் அடைந்து கிடந்திருக்கிறது, மாலை வரை தாங்காது. ஈரம் சொட்டினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். பருத்து வெளுத்த மொட்டு அன்றிரவே விரியும். பச்சையோடிய சின்ன மொட்டு எடைக்கு நிறைய முழம் தரும், ஆனால் சரியாக விரியாமலே வதங்கும்.

மாலையில் விலையை எப்போது இறக்குவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஆறு மணிக்கே இறக்கினால் அடுத்த நாளிலிருந்து எல்லாரும் அந்த நேரத்துக்குக் காத்திருந்து வருவார்கள். கோயிலுக்குப் போகிற கூட்டம் ஓய்ந்த பிறகு, எட்டு மணி வாக்கில், மொட்டு வாய் திறந்திருக்கும் சரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். அப்போது கிடைக்கும் எந்தக் காசும் லாபம்தான்.

பண்டிகையன்று காலைப் பூசை முடிந்ததும் தேவை சட்டென்று வடிந்துவிடும். முந்தின நாள் 50 ரூபாய் அடக்கத்தில் கட்டிய சரத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வந்த மலிவுப் பூ உட்கார்ந்துகொள்ளும். மறுநாளும் வீடுகளில் பழைய சரம் தொங்கிக்கொண்டிருக்கும். மல்லி பாதி விலைக்கு வந்திருந்தாலும் அன்றைக்கு வாடிக்கைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டை விட்டுக் கிளம்புவார் பழகிய பூக்காரம்மா.