தெப்பக்குளத்து நீரில் பச்சைப் புள்ளிகள்

தை மாதத் தெப்பத் திருவிழா இரவில், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் நின்று செல்போனில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். சட்டத்தின் இடது பக்கம், நடுவிலிருந்து சற்று மேலே, சீரியல் விளக்கு கட்டிய மைய மண்டபம். அதன் நேர் கீழே தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாக நீண்டு நெளியும் பிம்பங்கள். வலது பக்கம் எதிர்க்கரைத் தெருவிளக்கு ஒன்றும் அதன் பிம்பமும். எல்லாம் சரி. ஆனால் அந்த வலது பக்கத் தண்ணீரில், மேலே விளக்கே இல்லாத இடத்தில், பச்சைப் புள்ளிகள் வரிசையாக மிதக்கின்றன. வானத்திலும் தனியாக ஒன்று நிற்கிறது.

இந்தப் புள்ளிகளைப் போட்டோகிராபர்கள் ‘கோஸ்ட்’ என்பார்கள். விளக்கின் ஒளி லென்ஸுக்குள் புகுந்து சென்சாரில் பதிவதோடு நிற்பதில்லை. ஒரு சிறு பங்கு சென்சாரிலும் அதன் முன்னிருக்கும் கண்ணாடித் தகட்டிலும் பட்டுத் திரும்பி, லென்ஸின் பரப்பில் மோதி, மறுபடி சென்சாருக்கு வந்து சேர்கிறது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவைத் திருப்பி அனுப்பும். இரண்டு முறை திரும்பினால் மிஞ்சுவது ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. லென்ஸில் பூச்சு இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவுதான். பகலில் இது கண்ணிலேயே படாது. இருண்ட தண்ணீரைவிட விளக்கு பல ஆயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கும் இரவில்தான் பல்லைக் காட்டுகிறது. சில நிறங்களை அந்தப் பூச்சு நன்றாகத் தடுக்கும், சிலவற்றைக் கொஞ்சம் விட்டுவிடும். பச்சையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

அழிக்கும் முன் எது கோஸ்ட், எது நிஜ வெளிச்சம் என்று பிரிக்கவேண்டும். அவசரத்தில் பலர் தண்ணீரில் விழுந்த நிஜப் பிம்பத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் குளம் தார் ஊற்றிய மைதானம்போல் ஆகிவிடும். பிரிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. தண்ணீரில் விழும் பிம்பம் விளக்குக்கு நேர் கீழே விழும். செல்போன் கோஸ்ட் பெரும்பாலும் படத்தின் மையத்தைத் தாண்டி நேர் எதிர்ப்புறத்தில் விழும். விளக்கிலிருந்து மையம் வழியாக ஒரு கோடு இழுத்து, அதே தூரம் அந்தப்பக்கம் போங்கள்; கோஸ்ட் அங்கே உட்கார்ந்திருக்கும். அதுவும் தலைகீழாக. நம் படத்தில் மண்டபத்துச் சீரியல் வரிசை இடது மேல்பகுதியில் வளைந்து இறங்கினால், வலது கீழே பச்சைப் புள்ளிகள் அதே வளைவைத் தலைகீழாகக் காட்டும். வானத்துப் புள்ளிக்கும் கீழே ஒரு சொந்தக்காரர் உண்டு: இடது கீழ் ஓரத்தில், கரைச் சுவரில் மாட்டிய ஃபோகஸ் லைட்.

படத்தை ஏற்கெனவே வெட்டியிருந்தால் மையம் இடம் மாறியிருக்கும். அப்போது இரண்டு விளக்குகளை அவற்றின் கோஸ்ட்களோடு கோடிட்டு இணையுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடம்தான் பழைய மையம். எந்தக் கோட்டுக்கும் அடங்காத வெள்ளை வட்டங்கள் இருந்தால் அவை வேறு சாதி. ஃப்ளாஷ் போட்டு எடுக்கும்போது லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியோ மழைத்துளியோ ஒளிபட்டு, ஃபோகஸ் ஆகாமல் வட்டமாக விரிந்து விழும். ‘ஆவி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் நிறைய இந்த ரகம்தான்.

இனி வேலை. இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் செய்வதாகக் கொள்வோம். வானத்துப் புள்ளி எளிது. புதிய லேயர் ஒன்றைப் போட்டு, Heal கருவியில் Sample merged என்பதை டிக் செய்து, பக்கத்து வானத்தில் Ctrl அழுத்திக் கிளிக் செய்து, புள்ளியின்மேல் தடவினால் போய்விடும். அசல் படம் அடியில் அப்படியே இருக்கும். செல்போனிலேயே முடிக்க நினைப்பவர்கள் Snapseed செயலியின் Healing கருவியில் படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தொடவேண்டும். பெரிதாக்கினால்தான் தூரிகை சிறிதாகும்.

ஆனால் இந்தக் கருவி விளக்கின் அருகே பகையாளி. தடவும் இடத்தின் விளிம்பில் இருக்கும் நிறத்தை உள்ளே இழுத்துக் கலப்பதுதான் அதன் வேலை. தூரிகையின் ஓரம் ஒரு விளக்கைத் தொட்டுவிட்டால், அந்த மஞ்சள் வெளிச்சம் வானத்தில் சாயம்போல் இழுபடும். வெளிச்சத்துக்கு ஒட்டிய இடத்தில் Clone கருவியையும் விளிம்பு கெட்டியான சிறு தூரிகையையும் பயன்படுத்துவதே நல்லது.

நம் படத்தில் உண்மையான சோதனை வேறு. பச்சைப் புள்ளிகளில் ஒன்று, தெருவிளக்கின் நிஜப் பிம்பத்தின்மேலேயே விழுந்திருக்கிறது. அங்கே எதை எடுத்து ஒட்டினாலும் தண்ணீர் நெளிவில் உடைந்து உடைந்து வரும் அந்த மஞ்சள் கீற்று பாழாகும். இந்த இடத்தில் ஒரு உண்மை கைகொடுக்கும்: கோஸ்ட் எதையும் மறைப்பதில்லை, இருக்கும் வெளிச்சத்தோடு தன் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கூட்டியதைக் கழித்தால் அடியில் இருப்பது வெளியே வரும். புதிய லேயர் போட்டு அதன் Mode-ஐ Subtract என மாற்றுங்கள். கறுப்புத் தண்ணீரில் தனியாக நிற்கும் இன்னொரு பச்சைப் புள்ளியின் நடுவிலிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டு, மென்மையான விளிம்புள்ள தூரிகையால் கோஸ்ட்டின் அளவுக்கே ஒரு புள்ளி வையுங்கள். Opacity-யைச் சுழியத்தில் வைத்து மெல்ல ஏற்றுங்கள். பச்சை தேய்ந்துகொண்டே வரும். அளவு தாண்டினால் அந்த இடம் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். உடனே ஒரு படி இறக்குங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் காணாமல் போகும் மணல்மணலான இரவுப்பட நயம் இந்த முறையில் அப்படியே இருக்கும். அதனால் உற்றுப் பார்த்தாலும் கை வைத்த தடம் தெரியாது.

இதற்கும் எல்லை உண்டு. கீற்றின் நடுப்பகுதி முழு வெள்ளையாக, அதாவது மூன்று நிறங்களும் 255-ஐத் தொட்டு வெந்துபோயிருந்தால், அங்கே கழிக்க எந்தத் தகவலும் இல்லை. கழித்தால் வெள்ளை கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும், அவ்வளவுதான். அந்த இடத்தை மாஸ்க் போட்டு விட்டுவிடுங்கள். வெள்ளைமேல் விழுந்த கோஸ்ட் கண்ணுக்கும் தெரியாது. அதேபோல் விளக்கைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஒளிவட்டத்தையும் சிலர் குறை என்று சுரண்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத் தொடவே கூடாது. ஒளிவட்டம் போன விளக்கு, காகிதத்தில் வெட்டி ஒட்டிய பொட்டாகத்தான் தெரியும்.

முடித்ததும் நிஜ வெளிச்சத்துக்குச் சேதம் ஆனதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. New from Visible கொடுத்து, திருத்திய படத்தை ஒரே லேயராக உச்சியில் எடுத்து, அதற்கும் அசலுக்கும் நடுவிலுள்ள லேயர்களை மறைத்துவிட்டு, உச்சி லேயரின் Mode-ஐ Difference ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகும். கோஸ்ட் இருந்த இடங்களில் மட்டும் பச்சைப் பொட்டுகள் தெரிந்தால் வேலை சுத்தம். மண்டபத்து விளக்கு ஒன்றோ மஞ்சள் கீற்றின் ஓரமோ அங்கே எட்டிப் பார்த்தால், அங்கே கை தவறியிருக்கிறது. அந்த இடத்தை அழித்து மறுபடி செய்யவேண்டும்.

அடுத்த தடவை கரையில் நிற்கும்போது ஒரே படத்தோடு விடாமல், போனைச் சற்றே வலப்பக்கம் திருப்பி இன்னொன்றும் எடுத்துவையுங்கள். விளக்கு ஒருபுறம் நகர, கோஸ்ட் எதிர்ப்புறம் நகரும். முதல் படத்தில் பச்சைப் புள்ளி விழுந்த இடம் இரண்டாவதில் சுத்தமாக இருக்கும். தண்ணீர் நெளிந்துகொண்டே இருப்பதால் அங்கே இது ஒத்துவராது. ஆனால் வானத்துக்கும் மண்டபச் சுவருக்கும் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் பொருத்திவிடலாம்.