இரண்டு டிகிரிக்கு ஒரு முழுச் சுற்று

யூனிட்டியில் ஒரு விமான விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி முடித்தவர் தன் சாகசத்தைத் திரும்பப் பார்க்க ரீப்ளே வசதி வேண்டும். ஒவ்வொரு நொடியும் பத்து முறை விமானத்தின் மூன்று கோணங்களைப் பதிவுசெய்கிறீர்கள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே உள்ள நிலைகளைக் கணினியே சிறிது சிறிதாகக் கூட்டி நிரப்பிக்கொள்ளும். சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது, விமானம் வானத்தில் குட்டிக்கரணம் போடும்வரை. மூக்கு நேர் மேலே வரும் கணத்தில் அது தன்னைத் தானே ஒரு முறை சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபக்கம் சாய்கிறது. நிஜ ஆட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ரீப்ளேயில் மட்டும்தான்.

பதிவான எண்களைத் திறந்து பார்த்தால் விஷயம் வெளியே வரும். உச்சிக்குச் சற்று முன் (271, 0, 0). அடுத்த பதிவில், உச்சியைத் தாண்டியதும், (271, 180, 180). முதல் எண் x, அதாவது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது. யூனிட்டியில் மூக்கைத் தூக்குவது எதிர்மறைக் கோணம். ஆகவே 271 என்பது -89. இரண்டாவது y, விமானம் எந்தத் திசை பார்க்கிறது என்பது. மூன்றாவது z, இறக்கைகள் எவ்வளவு சரிந்திருக்கின்றன என்பது. விமானிகள் இவற்றை பிட்ச், யா, ரோல் என்பார்கள். கணிதத்தில் இவை ஆய்லர் கோணங்கள். 18ஆம் நூற்றாண்டின் சுவிஸ் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் பெயரால் வந்தவை.

விமானம் உண்மையில் திரும்பியது -89இலிருந்து -91க்கு, வெறும் இரண்டு டிகிரி. ஆனால் யூனிட்டி பிட்ச்சைத் திருப்பிச் சொல்லும்போது நேர் மேல், நேர் கீழ் என்ற இரு எல்லைகளுக்குள்தான் சொல்லும். -91 என்று சொல்லாது. அதே நிலையை, ‘பின்பக்கம் பார்த்து நின்று, தலைகீழாகப் புரண்டு, மூக்கை 89 டிகிரி தூக்கியிருக்கிறது’ என்று சொல்லிவிடும். பொய்யில்லை, அதுவும் அதே நிலைதான். கோளாறு நடுவில் இருக்கிறது. இரண்டு பதிவுகளின் சராசரி (271, 90, 90). அந்த நிலையில் விமானத்தின் அடிவயிறு இருக்கவேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும். 0இலிருந்து 180க்குப் போன இரண்டு கோணங்களும் சேர்ந்து 360 டிகிரியாகி, விமானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டன.

ஏன் சேர்ந்துகொண்டன? மூன்று கோணங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியவை. யூனிட்டியில் முதலில் z, பிறகு x, கடைசியில் y என்று சுழற்சிகள் நடக்கின்றன. வெளி வளையம் y. அது எப்போதும் செங்குத்தான அச்சில் சுழலும். அதற்குள் x வளையம். எல்லாவற்றுக்கும் உள்ளே, விமானத்தின் மூக்கிலிருந்து வால்வரை ஓடும் z அச்சு. நடு வளையத்தை 90 டிகிரி தூக்கினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்போது உள்ளே இருக்கும் z அச்சும் வெளியே இருக்கும் y அச்சும் ஒரே கோட்டில் வந்துவிடும். y-ஐ மாற்றினாலும் z-ஐ மாற்றினாலும் விமானம் ஒரே மாதிரிதான் சுழலும். (-90, 30, 20), (-90, 50, 0), (-90, 0, 50) மூன்றும் ஒரே நிலை, கூட்டுத்தொகை மட்டும்தான் கணக்கு. கையில் மூன்று எண்கள் இருந்தும் இரண்டு வகை அசைவுதான் மிச்சம். மூக்கை வலது இறக்கைப் பக்கம் சாய்க்க வேண்டுமானால் அதற்கென்று எண்ணே இல்லை. இதைத்தான் கிம்பல் லாக் என்கிறார்கள்.

வடதுருவத்தில் நிற்பவருக்கும் இதே நிலைமைதான். அங்கே தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரே புள்ளியில் கூடுகின்றன. துருவத்தைத் தாண்டி இரண்டு அடி எடுத்துவைத்தால் அவருடைய தீர்க்கரேகை 180 டிகிரி மாறிவிடும். நிலத்தில் எந்தக் குறையும் இல்லை. இடத்துக்கு எண் கொடுத்த முறையில்தான் குறை. சரியாக 90இல் மட்டும்தான் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். 85, 88 என்று நெருங்க நெருங்க, சிறிய அசைவுக்கும் y, z இரண்டும் பெரிதாகத் தாவத் தொடங்கும்.

கிம்பல் என்பது நிஜமான உலோக வளையம். அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கருவி இப்படி மூன்று வளையங்களுக்குள் தொங்கியது. நடு வளையம் 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். 85இல் கணினி அந்தக் கருவியையே நிறுத்திவிடும், திசைக் கணக்கு போய்விடும். முந்தைய ஜெமினி விண்கலத்தில் நான்கு வளையங்கள் இருந்தன. அப்பல்லோ 11இல் பறந்த மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாக நான்காவது கிம்பல் ஒன்று அனுப்பக்கூடாதா என்று தரைநிலையத்தைக் கிண்டல் செய்தது இதனால்தான். விளையாட்டில் மாட்டிக்கொள்ள வளையம் எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே மாட்டிக்கொள்கின்றன.

அச்சுகளின் வரிசையை மாற்றினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். மாற்றலாம், பூட்டு வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். எந்த மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கேயாவது ஒரு துருவம் இருந்தே தீரும் என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. நான்காவது எண் தேவை.

அந்த நான்காவது எண்ணை அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று கண்டுபிடித்தார். மும்மூன்று எண்களை எப்படிப் பெருக்குவது என்று ஆண்டுக்கணக்கில் முட்டிமோதியவர், டப்ளினில் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மூன்று போதாது, நான்கு வேண்டும் என்று பிடித்துவிட்டார். சூத்திரத்தை அங்கிருந்த புரூம் பாலத்தின் கல்லிலேயே செதுக்கினார். அவர் வைத்த பெயர் குவாட்டர்னியன். கணினி வரைகலைக்கு இதைப் பரவலாக அறிமுகம் செய்தது கென் ஷூமேக்கின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரை. அப்போது அவர் வேலை பார்த்தது சிங்கர் கம்பெனியின் விமானச் சிமுலேட்டர் பிரிவில். ஆமாம், தையல் மெஷின் சிங்கர்தான்.

குவாட்டர்னியனின் அடிப்படை எளிமையானது. ஒரு பொருள் எந்த நிலையில் இருந்தாலும், ஏதோ ஓர் அச்சைப் பிடித்து ஒரே ஒரு முறை திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். (இதை நிறுவியவரும் ஆய்லரேதான்.) ஆகவே அச்சு எது, எவ்வளவு திருப்பம் என்ற இரண்டைச் சொன்னால் போதும். திருப்பம் θ என்றால், w என்ற எண் cos(θ/2). மற்ற மூன்றும் அச்சின் திசையை sin(θ/2)ஆல் பெருக்கினால் வருபவை. கோணத்தைப் பாதியாக்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு புள்ளியைத் திருப்பும்போது குவாட்டர்னியன் அதன் இரு பக்கமும் நின்று பெருக்குகிறது. ஒவ்வொரு பக்கமும் பாதி வேலையைச் செய்கிறது.

நம் விமானத்துக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். உச்சிக்கு முன், x அச்சில் -89 டிகிரி: w = 0.7133, x = -0.7009. உச்சிக்குப் பின், -91 டிகிரி: w = 0.7009, x = -0.7133. இரண்டிலும் y, z பூஜ்யம். ஆய்லர் கோணங்களில் 180 தாவிய இடத்தில் இங்கே இரண்டாவது தசம இடத்தில்தான் மாற்றம். நடுநிலை w = 0.7071, x = -0.7071, சரியாக -90 டிகிரி. பக்கத்தில் இருக்கும் நிலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள். நமக்கு வேண்டியது இதுதான்.

ரீப்ளேயில் செய்யவேண்டிய மாற்றம் சிறியது:

```csharp
// தவறு
transform.eulerAngles = Vector3.Lerp(a.eulerAngles, b.eulerAngles, t);

// சரி
transform.rotation = Quaternion.Slerp(a.rotation, b.rotation, t);
```

ஷூமேக் தந்த Slerp ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுகிய வழியில், சீரான வேகத்தில் கொண்டுபோகும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யூனிட்டி உள்ளுக்குள் சுழற்சியைக் குவாட்டர்னியனாகத்தான் வைத்திருக்கிறது. அப்படியிருக்க எனக்கு எப்படி கிம்பல் லாக் வரும் என்று கேட்பவர்கள், eulerAngles என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நான்கு எண்களை மூன்றாக்கி வாங்குகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பிரேமிலும் eulerAngles-ஐ வாங்கி, x-இல் ஒன்றைக் கூட்டித் திருப்பி வைத்தால், பொருள் 90ஐத் தாண்டாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். 91ஐ வைத்தால் திரும்பி வருவது 89. அதோடு ஒன்றைக் கூட்டினால் மறுபடி 90. இந்த நடுக்கத்தைப் பார்த்தாலே எங்கோ மாற்றம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கோணத்தை வாங்காமல் சுழற்சியின் மேல் சுழற்சியைப் பெருக்குவதுதான் வழி:

```csharp
transform.rotation *= Quaternion.AngleAxis(1f, Vector3.right);
```

பெருக்கலில் வரிசை முக்கியம். இப்படி வலப்பக்கம் பெருக்கினால் விமானத்தின் சொந்த அச்சில் திரும்பும். இடப்பக்கம் பெருக்கினால் உலகத்தின் அச்சில்.

குவாட்டர்னியனுக்கும் தனிக் குணங்கள் உண்டு. நான்கு எண்களின் குறிகளையும் மாற்றினாலும் அது அதே நிலைதான். யூனிட்டியின் Slerp இதைத் தானே கவனித்துக்கொள்ளும். சொந்தமாக எழுதுபவர் இரண்டின் புள்ளிப்பெருக்கம் எதிர்மறையாக வந்தால் ஒன்றின் குறியை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் 10 டிகிரி திரும்ப வேண்டியது 350 டிகிரி சுற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் சொன்னாலும், ஆய்லர் கோணங்களை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கியோடு தரையில் நடக்கும் விளையாட்டில் கேமராவுக்கு ரோல் தேவையில்லை. மவுஸின் இடவல அசைவை ஒரு எண்ணாகவும் மேல்கீழ் அசைவை இன்னொரு எண்ணாகவும் உங்கள் சொந்த மாறிகளில் வைத்துக்கொண்டு, மேல்கீழை ±89க்குள் நிறுத்திவிட்டால் பூட்டுக்குப் பக்கத்திலேயே போகமாட்டீர்கள். அதே கேமராவை ஒவ்வொரு பிரேமிலும் அதன் சொந்த அச்சுகளில் குவாட்டர்னியனால் திருப்பிப் பாருங்கள். மவுஸை வட்டமாக நாலு முறை ஆட்டினால் தொடுவானம் சாய்ந்திருக்கும், ஏனென்றால் யாரும் கேட்காமலேயே ரோல் சேர்ந்துவிட்டது. விண்வெளி விளையாட்டில் அது பிழையல்ல. அங்கே மேல், கீழ் என்று எதுவும் கிடையாது.

காற்றாடி, புரொப்பெல்லர் போன்றவற்றுக்கும் சாதாரணக் கோணமே நல்லது. குவாட்டர்னியனுக்கு எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியும், எத்தனை சுற்று சுற்றி வந்தோம் என்பது தெரியாது. 0இலிருந்து 720 டிகிரிக்குப் போ என்று Slerp-இடம் சொன்னால் அது இருந்த இடத்தைவிட்டு நகராது.