அறிமுகம் செய்துவிட்டு விலகுதல்

தொழில் தொடர்பாக இருவரை மின்னஞ்சலில் அறிமுகம் செய்துவைக்க ஒரு கடிதம் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். முறையாகச் செய்தால் இரண்டு கடிதங்கள் வேண்டும். முதலாவது, உதவி செய்யக்கூடியவரிடம் தனியாகச் சம்மதம் கேட்கும் கடிதம். அவர் சரி என்ற பிறகு இருவருக்கும் சேர்த்து எழுதுவது இரண்டாவது. முதல் கடிதத்தை எழுதாமல் நேரே இரண்டாவதற்குப் போய்விடும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. உதவி நாடுபவரின் கண்முன்னே மறுக்க மனமில்லாமல், நேரமில்லாதவரும் சரி என்று சொல்லிவைப்பார்; பிறகு பதில் போடாமலே நாளைக் கடத்துவார்.

திருப்பூர்ச் சாயத் தொழிலிலிருந்து ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். சாயக்கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது சாயம் போடுவதைப் போலவே அன்றாட வேலையாகிவிட்டது. சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புக் கரைசலையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பலாம். ஒரு சாயப்பட்டறையின் மேலாளர் அப்படி அனுப்பிப் பார்க்கிறார். துணியின் நிறம் லாட்டுக்கு லாட் மாறுகிறது. கரைசலில் தங்கிவிட்ட கடினத்தன்மை காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார். இதற்கெல்லாம் வடிகட்டிச் சவ்வுகளை நன்கு அறிந்த பொறியாளர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். இருவரையும் தெரிந்தவர், பாய்லர் பராமரிப்புத் தொழில் செய்யும் ஒருவர். அறிமுகம் கேட்டு மேலாளர் அவரிடம் வருகிறார்.

கேட்டு வந்தவரின் சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது. சம்மதம் கேட்கவேண்டியது பொறியாளரிடம் மட்டுமே, ஏனென்றால் செலவாகப்போவது அவருடைய நேரம். பாய்லர்காரர் அவருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறை மேலாளர், உப்புக் கரைசலை மறுபடி பயன்படுத்தும்போது நிறம் மாறுவதாகச் சொல்கிறார். கரைசலின் ஆய்வக அறிக்கை அவரிடம் இருக்கிறது. அதைப் பார்த்து, போனில் அரை மணி நேரம் பேசமுடியுமா என்று கேட்கிறார். உங்களுக்கு வசதிப்பட்டால் மட்டும் அறிமுகம் செய்கிறேன். இப்போது முடியாது என்றால் ஒரு வரி போதும், நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.”

கேட்கப்படுவது எவ்வளவு என்பது இந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்கிறது. ‘கொஞ்சம் வழிகாட்ட முடியுமா’ என்று மொட்டையாகக் கேட்டால், அது அரை மணி நேரமா அரை வருடமா என்று தெரியாமல் பொறியாளர் தயங்குவார். கடைசி வரியும் முக்கியமானது. மறுக்கும் சுமையை நடுவில் இருப்பவர் தானே ஏற்றுக்கொள்வதால், மறுப்பதற்குக் காரணம் தேடவேண்டிய தேவை பொறியாளருக்கு இல்லை. மறுப்பு வந்தால் மேலாளரிடம் ‘அவருக்கு இப்போது தோதுப்படவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காரணத்தை விரிக்கத் தொடங்கினால் அதில் ஏதாவது ஒரு சொல் மேலாளரின் மனதில் தங்கிவிடும்.

சம்மதம் வந்ததும் இரண்டாவது கடிதம். இதைப் புதிய மின்னஞ்சலாகவே தொடங்கவேண்டும். பொறியாளரின் பதிலுக்குக் கீழேயே மேலாளரையும் சேர்த்து எழுதினால், முன்பு எழுதியதெல்லாம் அடியில் தொங்கிக்கொண்டே போகும். ‘கட்டணம் தருவார்களா’ என்று பொறியாளர் தனியே கேட்டிருந்தால் அதுவும் மேலாளர் கண்ணில் படும். அவசரத்தில் செய்யும் அறிமுகங்களில் மிக எளிதாக நேரும் பிழை இது. அனுப்பிய பிறகு திருத்தவும் முடியாது.

“மேடம், நான் சொன்ன மேலாளர் இவர்தான். திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். அவர்களுடைய பாய்லரை ஆறு வருடமாக நான் பராமரிக்கிறேன். சார், மேடம் சவ்வு வடிகட்டுதலில் அனுபவம் உள்ளவர். ஒரு திட்டத்தில் சில மாதங்கள் அவருடன் வேலை செய்திருக்கிறேன்; சாய ஆலைகளில் அவர் செய்த வேலையை நான் நேரில் பார்த்ததில்லை. சார், ஆய்வக அறிக்கையை இணைத்து, உங்களுக்குத் தோதான இரண்டு நேரங்களையும் குறித்து நீங்கள் முதலில் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலில் என்னை Bcc-க்கு மாற்றிவிடுங்கள். இனி நீங்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம்.”

உதவி செய்பவரை முதலில் விளித்து, வந்தவர் யார் என்று அவருக்குச் சொல்வதே மரியாதை. ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை; எதிரில் இருப்பவருக்கு எது பயன்படுமோ அதைச் சொன்னால் போதும். பட்டங்களையும் விருதுகளையும் அடுக்கினால் வந்த காரியம் மறைந்துவிடும். கைபேசி எண்ணைப் போடுவதானால் அதற்கும் தனியே அனுமதி கேட்டிருக்கவேண்டும்.

எவ்வளவு பழக்கம் என்பதை உள்ளபடி சொல்வது இந்தக் கடிதத்தின் நேர்மை. சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே பழகியவர்கள் வழியாகத்தான் புதிய தகவலும் வாய்ப்பும் அதிகம் வந்துசேர்கின்றன என்று விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். அப்படியானால் பயனுள்ள அறிமுகங்கள் பலவற்றில், நடுவில் இருப்பவருக்கு ஒரு பக்கத்தை மேலோட்டமாகத்தான் தெரிந்திருக்கும். அதை மறைத்து ‘இவரைப் போல ஆள் கிடையாது’ என்று எழுதினால், அந்த வாக்கை நம்பி மேலாளர் பணம் செலவழிக்கக்கூடும். அறிமுகத்தால் தனக்குக் கமிஷன் ஏதும் வருமானால் அதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இனி விலகுவது. அறிமுகம் செய்தவர் நினைத்தாலும் தானாக விலகமுடியாது. மின்னஞ்சலின் அமைப்பு அப்படி. அவர் கடிதத்தை அனுப்பியவர் என்பதால், யார் Reply all அழுத்தினாலும் பதில் அவருக்கும் போகும். அந்தச் சங்கிலியை அறுக்க வேண்டியவர் முதலில் பதில் எழுதுபவர்தான். மேலாளர் தன் பதிலில் பொறியாளரை To-வில் வைத்து, பாய்லர்காரரின் முகவரியை Bcc-க்கு மாற்றுகிறார். ‘அறிமுகத்துக்கு நன்றி சார், உங்களை Bcc-க்கு மாற்றுகிறேன்’ என்று முதல் வரியில் எழுதுகிறார். அந்த ஒரு கடிதம் பாய்லர்காரருக்கு வந்துசேரும். பேச்சு தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். Bcc-யில் உள்ள முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால், அடுத்து பொறியாளர் Reply all அழுத்தினாலும் பதில் மேலாளருக்கு மட்டுமே போகும். அந்த நன்றி வரி இல்லாவிட்டால், மூன்றாமவர் கழன்றுகொண்டாரா, ஒட்டுக்கேட்கிறாரா என்று பொறியாளருக்குப் புரியாது.

முதலில் எழுதவேண்டியவர் யார் என்று சொல்லாமல் விட்டால் இருவரும் ஒருவர் மற்றவரை எதிர்பார்த்திருப்பார்கள். உதவி கேட்டவர் எழுதுவதே முறை, அதுவும் ஓரிரு நாளுக்குள். ஒரு வாரமாகியும் Bcc-யில் எதுவும் வரவில்லை என்றால், பாய்லர்காரர் மேலாளருக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதலாம். நேரம் தர ஒப்புக்கொண்ட பொறியாளரிடம் நினைவூட்டக் கூடாது. மேலாளர் எழுதி, பொறியாளர் பதில் தராமல் இருந்தால், அதைத் தொடர்வதும் விடுவதும் மேலாளரின் பொறுப்பு. அந்தப் பேச்சில் கட்டணம் என்ன ஆயிற்று, நிறம் சரியானதா என்றெல்லாம் விசாரிக்கும் உரிமை அறிமுகம் செய்தவருக்கு இல்லை. ஆனால் முடிவு எதுவானாலும் மேலாளர் ஒருநாள் அவருக்கு இரண்டு வரி எழுதிச் சொல்லவேண்டும். அதே பொறியாளரிடம் இன்னொருவரை அனுப்பலாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் தீர்மானிக்கமுடியும்.