வலைக்கு மேலே ஒன்றரை விநாடி

செப்பாக் தக்ராவ் ஆட்டத்தில் வலையருகே நிற்பவர் எகிறிக் குதித்து, காற்றிலேயே உடலைத் திருப்பிப் பந்தை உதைப்பார். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். குறும்படம் எடுக்கும் மாணவர்கள் இதைத் திரைக்கதையில் "ஸ்லோ மோஷனில் உதைக்கிறான்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இந்த வரியை வைத்து ஒளிப்பதிவாளர் எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த அசைவில் மெதுவாக வேண்டும், எங்கே பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் இல்லையே!

இப்படி எழுதிப் பாருங்கள்:

"இயல்பு வேகம்: தோழன் பந்தை உயர்த்துகிறான். குமரனின் கால் தரையை விட்டதும் மெதுவாகிறது. அரங்கச் சத்தம் அடங்குகிறது. கால் பந்தைத் தொடும் கணத்தில் மீண்டும் இயல்பு வேகம். 'டப்' என்ற ஓசை."

வேகம் மாறும் இரண்டு இடங்களும் கண்ணுக்குத் தெரியும் அசைவோடு கட்டப்பட்டிருக்கின்றன. உதையை மெதுவாகக் காட்டினால் அதன் பலம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம். காத்திருப்பு நீண்டு, அடி சட்டென்று விழுந்தால்தான் பார்ப்பவர் அதை உணர்வார்.

இப்போது கணக்கு. தரையை விட்டதிலிருந்து பந்தைத் தொடும்வரை 0.3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 120 பிரேம் எடுத்தால் 36 பிரேம் கிடைக்கும். படம் விநாடிக்கு 24 பிரேமில் ஓடுவதால், அது திரையில் 1.5 விநாடியாக நீளும். மாறாக, 24 பிரேமிலேயே எடுத்தால் கையில் இருப்பது ஏழு பிரேம்தான். அதை ஐந்து மடங்கு இழுத்தால் படம் விட்டுவிட்டு நகரும். இடைப்பட்ட பிரேம்களை மென்பொருளே உருவாக்கும் வசதி உண்டு. ஆனால் கால் வலையைக் கடக்கும் இடத்தில் வலைக்கண்கள் காலோடு சேர்ந்து உருகியதுபோல் குழையும். அங்கே நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் 120இல் எடுக்கலாமே? எடுக்கலாம், ஆனால் அதற்கும் விலை உண்டு. ஷட்டர் 1/48இலிருந்து 1/240 விநாடிக்குச் சுருங்குவதால், ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சமே உள்ளே வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அரங்கின் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் ஏறி இறங்குவதாகப் பதிவாகிவிடும். படப்பிடிப்புக்கு முன்தினமே அதே அரங்கில் பத்து விநாடி எடுத்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, இயல்பு வேகப் பகுதிக்காக அந்த 120ஐ ஐந்து மடங்கு ஓட்டும்போது, ஓடும் கைகால்களில் வழக்கமாக இருக்கும் மங்கல் இராது. அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அதனால் பந்தை உயர்த்தும் காட்சியைத் தனியாக 24இல் எடுத்து, குதிப்பை மட்டும் 120இல் எடுப்பது மேல்.

பல கேமராக்கள் இந்த அதிவேகப் பதிவில் ஒலியைப் பிடிப்பதில்லை. அந்த 'டப்' ஓசைக்குப் பந்தைத் தனியாக ஒருமுறை உதைத்துப் பதிவு செய்ய வேண்டும். திரைக்கதையில் ஒலி எழுதப்பட்டிருந்தால்தான் யாராவது மைக்கைக் கொண்டுவருவார்கள்.