சுவருக்குள் ஓடும் ஆறு – 14: பன்னிரண்டரை ஆம்பியர்

போன வாரம் பிரேக்கர் பெட்டியின் கதவைத் திறந்ததோடு நிறுத்தினோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்பதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் பெட்டியில் போகும் வாட்டர் ஹீட்டர் ராடைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் வேறொரு எண் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் அறையில் என் அக்கா மகன் வாடகைக்கு இருக்கிறான். ஜனவரியில் அவனோடு இரண்டு வாரம் தங்கினேன். வீட்டை மொத்தமாகச் சூடாக்குவது கேஸில் ஓடும் ஃபர்னஸ். அதை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட் மேல்மாடிக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. மேலே 21 டிகிரி வந்ததும் ஃபர்னஸ் நின்றுவிடும். அந்த நேரத்தில் கீழே 16 டிகிரிகூட இருக்காது. அதனால் அவன் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தான். 600, 900, 1500 வாட் என்று மூன்று நிலை அதற்கு உண்டு.

இரண்டாம் நாள் இரவு. ஹீட்டர் 1500-இல் ஓடிக்கொண்டிருக்க, அறைக்கு வெளியே இருந்த மைக்ரோவேவில் சாம்பார் சாதத்தை வைத்து மூன்று நிமிடம் என்று அழுத்தினான். இரண்டாவது நிமிடத்தில் ஹீட்டர், மைக்ரோவேவ், நடைவழி விளக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தன. "மாமா, இது வாரத்துக்கு மூணு தடவை நடக்குது" என்றான். மேலேயிருந்து வீட்டுக்கார அக்கா குரல் கொடுத்தார். அவர் பருத்தித்துறைக்காரர். "தம்பி, பிரேக்கர் விழுந்திட்டுதோ? ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டு மைக்ரோவேவைப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

அவர் சொன்னதுதான் சரியான கணக்கு. அங்கே சுவரில் வருவது 120 வோல்ட். 1500-ஐ 120-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை ஆம்பியர். மைக்ரோவேவின் பின்புறத் தகட்டில் அது இழுக்கும் மின்சாரம் 1500 வாட் என்று போட்டிருந்தது, அதற்கும் பன்னிரண்டரை. மொத்தம் 25 ஆம்பியர். பெட்டியில் இருந்த பிரேக்கரோ 15 ஆம்பியர். அளவை மிஞ்சிய மின்சாரம் பிரேக்கருக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டையை மெல்ல மெல்லச் சூடாக்கி வளைக்கிறது. வளைந்து கொக்கியை விடுவிக்க அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். உடனே விழாமல் இரண்டாவது நிமிடத்தில் விழுந்தது அதனால்தான். ஷார்ட் சர்க்யூட் என்றால் அந்தக் கணமே விழுந்திருக்கும். விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே எது நடந்தது என்று பாதி சொல்லிவிடலாம்.

இந்தப் பன்னிரண்டரைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவிலோ கனடாவிலோ எந்தக் கடைக்குப் போனாலும் சாதாரண பிளக்கில் செருகும் ரூம் ஹீட்டரின் உச்சம் 1500 வாட்தான். பீங்கான், எண்ணெய், இன்ஃப்ராரெட் என்று எந்தப் பெயரில் எந்த விலைக்கு விற்றாலும் அதற்கு மேல் இல்லை. எல்லாம் தரும் வெப்பமும் ஒன்றுதான். காரணம் சுவரில் இருக்கிறது. தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடும் சாதனம் சர்க்யூட்டின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. 15-இல் 80 சதவீதம் 12. அந்தப் பிளக்கின் மேல் பொறித்திருக்கும் 125 வோல்ட்டால் பெருக்கினால் சரியாக 1500.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுங்கள். பிரிட்டனில் சாதாரண பிளக்கில் செருகும் ஹீட்டரின் உச்சம் 3000 வாட். அந்தக் காலத்து 240 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். அதே பன்னிரண்டரை! இங்கே கதை இன்னும் அழகானது, ஏனென்றால் அந்த நாட்டின் பிளக்கே ஹீட்டரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு மின்கம்பி எப்படிப் போடுவது என்று ஆராய 1942-இல் ஒரு குழு அமைத்தார்கள். இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரே பெண், பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட். அதுவரை பிரிட்டிஷ் வீடுகளில் 2, 5, 15 ஆம்பியர் என்று ஆளுக்கொரு அளவில் உருண்டைக் கால் பிளக்குகள். ஹீட்டர் வேண்டுமென்றால் 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கும் அறைக்குத்தான் போக வேண்டும். குழு கேட்ட கேள்வி இதுதான்: எந்த அறையின் எந்தப் பாயின்ட்டிலும் 3 கிலோவாட் ஹீட்டரை மாட்ட முடிய வேண்டும், அதைத் தட்டுப்பாடான செம்பை மிச்சம் பிடித்து எப்படிச் செய்வது?

விடை ஒரு வளையம். பிரேக்கர் பெட்டியிலிருந்து கிளம்பும் கம்பி எல்லாப் பாயின்ட்டையும் தொட்டுவிட்டு மறுபடி பெட்டிக்கே திரும்பி வரும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரண்டு வழியாக மின்சாரம் வருவதால், ஒல்லியான கம்பியே 30 ஆம்பியர் தாங்கும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஆனால் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு மேசை விளக்கின் மெல்லிய வயரைக் காப்பாற்றாது. வயர் எரிந்த பிறகும் அது அசையாமல் இருக்கும். ஆகவே ஃபியூஸை ஒவ்வொரு பிளக்கின் வயிற்றுக்குள்ளும் வைத்தார்கள். விளக்குக்கு 3 ஆம்பியர், ஹீட்டருக்கு 13. பன்னிரண்டரைக்கு அரை ஆம்பியர் இடம் விட்டு வந்த எண் அந்தப் 13. இந்தப் பிளக்குக்கான தரநிலை 1947-இல் வெளியானது. குழந்தை விரல் நுழையாதபடி சாக்கெட்டுக்குள் திரை வைத்ததில் ஹாஸ்லெட்டின் வற்புறுத்தல் பெரிது.

அவர்கள் கைவிட்ட அந்த உருண்டைக் கால் பிளக்குகளைத்தான் நாம் வைத்துக்கொண்டோம். நம் வீட்டில் செல்போனுக்குச் சின்ன பிளக், கீசருக்குப் பெரிய 'பவர் பிளக்' என்று இரண்டு இருக்கிறதே, அது அந்தப் பழைய 5-இன், 15-இன் வாரிசு.

ஸ்கார்பரோவுக்குத் திரும்புவோம். மறுநாள் காலை ஒரு மேசை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டோம். அந்தப் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு, விளக்கை ஒவ்வொரு சாக்கெட்டிலும் செருகிப் பார்த்தோம். அவன் அறையின் நான்கு பாயின்ட், மைக்ரோவேவ் மூலை, நடைவழி விளக்கு எல்லாம் அந்த ஒரே பிரேக்கரில் தொங்கின. பேஸ்மென்ட் வாடகைக்கு விடும் முன் விளையாட்டு அறையாக இருந்ததாம். கனடாவில் இப்படி ஒரு சர்க்யூட்டில் பன்னிரண்டு பாயின்ட் வரை போடலாம். விளக்கும் டிவியும் இருந்த காலத்துக்கு அது தாராளம்.

ஹீட்டரை 900-இல் வைத்தால் போதுமா என்றான். ஏழரையும் பன்னிரண்டரையும் இருபது, போதாது. 600-இல் வைத்தாலும் பதினேழரை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பதினேழரையில் பிரேக்கர் வெகுநேரம் விழாமலே இருக்கக்கூடும். விழவில்லை என்பதால் சரி என்று ஆகாது. இதைவிட மோசமானதை அவன் நண்பன் ஒருவன் சொல்லியிருந்தான்: 15 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 20 போடு. சுவருக்குள் இருப்பது 15-க்கான 14 கேஜ் கம்பி. பிரேக்கர் காப்பது அந்தக் கம்பியைத்தான். பிரேக்கரைப் பெரிதாக்கினால், முதலில் சூடாவது கண்ணுக்குத் தெரியாத கம்பி. நிரந்தரத் தீர்வு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் போடும் தனி சர்க்யூட் ஒன்றுதான். அதுவரை வீட்டுக்கார அக்காவின் வழி: மூன்று நிமிடம் ஹீட்டரை நிறுத்துவது. எண்ணெய் ரேடியேட்டர் அந்த மூன்று நிமிடத்தில் ஆறிவிடாது.

பிரேக்கர் விழுவதைவிட என்னைக் கலங்கடித்தது அவன் ஹீட்டர் பிளக். அரை மணி நேரம் ஓடிய பிறகு தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்து, பிளக்கைப் பிடிக்காமல் தொளதொளவென்று இருந்தது. அந்தத் தளர்வில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். செல்போன் சார்ஜர் இழுக்கும் மின்சாரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். பன்னிரண்டரையை அதனாலேயே பெருக்கினால் 156. அதில் பத்தில் ஒன்று, பதினைந்து வாட்டுக்கு மேல். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் பாதிக்கு மேலான சூடு ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் இரவு முழுக்க அடைந்து கிடக்கிறது. பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது, ஓடுவது அதே பன்னிரண்டரைதானே. வெதுவெதுப்பு இயல்பு. கை பொறுக்காத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த சாக்கெட் மாற்றப்பட வேண்டியது. எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீட்டரை மாட்டாதே என்று தயாரிப்பாளர்கள் எழுதுவதும் இதனால்தான்: இன்னும் இரண்டு இணைப்பு, இன்னும் ஒல்லியான கம்பி. அன்று மாலையே எலெக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டை மாற்றினார். அதன் பிறகு பிளக்கில் வெதுவெதுப்பு மட்டும்.

செலவு கேட்பீர்கள். ஒன்டாரியோவில் 2025 நவம்பர் முதல், நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை யூனிட் சுமார் 10 சென்ட். குளிர்கால வார நாட்களில் காலை ஏழு முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்து முதல் ஏழு வரையும் சுமார் 20. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்தே வைத்தால் பன்னிரண்டு மணி இரவுக்கு 9 யூனிட், 90 சென்ட், மாதம் 27 டாலர். மாலை ஐந்துக்கு வந்ததும் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 3 யூனிட்டுக்கு 60 சென்ட். ஏழு மணிக்குப் பிறகு அதே காசுக்கு நான்கு மணி நேரம் ஓட்டலாம். விநியோகக் கட்டணம், வரி, அரசின் தள்ளுபடி எல்லாம் இதற்கு மேல் கூடும் குறையும். வாடகையோடு மின்கட்டணமும் சேர்ந்திருக்கும் வீடுகளில் இந்தக் காசு வீட்டுக்காரர் பில்லில் விழுகிறது. அக்காவிடம் கணக்கைக் காட்டி, குளிர் மாதங்களுக்கு மட்டும் 25 டாலர் கூடுதலாகத் தருவதாக அவனே பேசி முடித்தான். ஃபர்னஸ் காற்று வரும் பேஸ்மென்ட் குழாயின் மூடியை அக்கா இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். பத்தாம் நாளில் ஹீட்டர் 900-லேயே போதுமானதாக இருந்தது.

ராடு அவன் பெட்டியின் அடியில்தான் இருக்கிறது. மதுரையில் என் அக்கா துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தது. 230 வோல்ட்டுக்கு 1500 வாட். 120 வோல்ட்டில் மாட்டினால் வோல்ட் கிட்டத்தட்டப் பாதியாகும், வாட் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல், சுமார் 400. ஒரு வாளி நீரை 5 டிகிரியிலிருந்து குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அது எவ்வளவு நேரம் எடுக்கும், வாளியே அதற்குள் எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்பது அடுத்த வாரம். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 ஆக்கிக்கொள்ளலாமே என்று கேட்டான். ஆக்கலாம். ராடு முழு 1500 வாட் எடுக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் அந்த 120 வோல்ட் சாக்கெட்டில் ஓடுவது பன்னிரண்டரை ஆம்பியர்.