குழாய், மோதிரம், கடிகாரம்

தீக்காய முதலுதவிச் சுவரொட்டியைத் தமிழாக்கும்போது எண் வரிசையில்தான் சிக்கல். “20 நிமிடம் நீரில் காட்டுங்கள்” முதலிலும் “மோதிரத்தைக் கழற்றுங்கள்” இரண்டாவதிலும் வந்தால், படிப்பவர் 20 நிமிடம் காத்திருப்பார். அதற்குள் விரல் வீங்கிவிடும். அதனால் இப்படிப் பிரிக்கலாம்:

1. ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள்.
2. நீரில் இருக்கும்போதே மோதிரம், வளையலைக் கழற்றுங்கள்.
3. மொத்தம் 20 நிமிடம் நீரிலேயே வையுங்கள்.
4. ஒட்டாத, சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

தமிழ் படிக்காத ஒடியா தொழிலாளிக்குப் படமே வழிகாட்டி. வெறும் கடிகாரம் நேரத்தைச் சொல்லாது. பக்கத்தில் 20 என்ற இலக்கம் வேண்டும். பற்பசைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு மெலிந்திருந்தால், அதையே தடவச் சொல்வதாகத் தோன்றும்! தலைப்பில் செஞ்சிலுவை கூடாது. அது சட்டப் பாதுகாப்புள்ள சின்னம். பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவைதான் முதலுதவிக்கான சர்வதேசக் குறியீடு.