தண்ணியில நின்னும் தாகம்

காட்டுப்பள்ளியில் என் வயலை ஒட்டி மாடு மேய்க்கும் ஆயா ஒருநாள் மத்தியானம் வரப்பில் நின்று கேட்டார்: "ஏன் சாமி, தண்ணி கணுக்கால் அளவு நிக்குது, பயிரு மட்டும் வாடிக் கெடக்குது?" நடவு முடிந்து பத்து நாள். நெல் இலைகள் வெற்றிலைச் சுருள் மாதிரி சுருண்டிருந்தன. நுனி வெளுத்திருந்தது.

வங்கியில் இருந்தபோது மீஞ்சூர்ப் பக்கம் போர் ஆழப்படுத்தக் கடன் கேட்டு வந்தவர்களின் மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வந்தது. ஓய்வுபெற்று நானே மண்வெட்டி பிடித்த பிறகுதான் அந்த உப்பு வேருக்கு என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

வேர்நுனிக்குச் சற்று மேலே பஞ்சு மாதிரி இருப்பவை வேர்த்தூவிகள். ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நீட்சி. அந்த செல்லின் சாறு மண்நீரைவிடக் கெட்டியாக இருந்தால், சவ்வு வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே போகும். இதுதான் சவ்வூடு பரவல். வீட்டில் உலர்திராட்சையை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பும், பச்சைத் திராட்சையைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டால் சுருங்கும். வேருக்கும் அதே கணக்குதான்.

உள்ளே போன தண்ணீருக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, செல்களுக்குள் புகாமல், செல்சுவர்கள் வழியாகவே ஊறிப் போவது: அப்போபிளாஸ்ட். வயலுக்குள் இறங்காமல் வரப்பிலேயே நடந்து போகிற மாதிரி. இன்னொன்று, ஒரு செல்லுக்குள் நுழைந்து, செல்களை இணைக்கும் நுண்ணிய இழைகள் வழியாக அடுத்தடுத்த செல்லுக்குப் போவது: சிம்பிளாஸ்ட். இது மடை திறந்து வயலுக்கு வயல் பாய்கிற மாதிரி.

வரப்புப் பாதையில் காவல் இல்லை. உப்பும் தண்ணீரோடு கூடவே வரும். ஆனால் நடுத்தண்டுக்கு முன்னால் அகத்தோல் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் சுவர்களில் தண்ணீர் புகாத காஸ்பேரியன் பட்டை. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் காஸ்பரி என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் விவரித்ததால் அந்தப் பெயர். வரப்பில் வந்த தண்ணீரும் இங்கே செல்சவ்வைத் தாண்டியே ஆக வேண்டும். அந்தச் சவ்வுதான் பெருமளவு உப்பை வெளியே நிறுத்துகிறது.

எங்கள் ஊரில் 2010இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் சவ்வைத்தான் நம்பியிருக்கிறது. நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் திறன். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம். அதைத் தோற்கடித்துத் தண்ணீரைப் பிழிய ஆலை பம்பு வைத்து அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. வேருக்கு பம்பு இல்லை. தன் சாற்றின் கெட்டியும், இலை வெயிலில் இழுக்கும் இழுப்பும்தான் அதன் பலம்.

என் வயல் கணக்கைப் பாருங்கள். போர் தண்ணீரின் மின்கடத்துத் திறன், அதாவது இ.சி., 6. அதை 0.36ஆல் பெருக்கினால் எதிர்த்து நிற்கும் அழுத்தம் தெரியும்: ஏறக்குறைய 2.2 வளிமண்டலம். இரண்டு அங்குலம் நின்ற தண்ணீர் வெயிலில் ஆவியாகி ஓர் அங்குலமானால், தண்ணீர்தான் போகும். உப்பு அங்கேயே இருக்கும். இ.சி. 12, அழுத்தம் 4.3. நெல் வேர்ச்சாற்றின் பலமே பொதுவாக 5 முதல் 10க்குள்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, வேருக்குக் கிடைக்கவில்லை. நெல்லுக்கோ மண்சாற்றின் இ.சி. 3ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

இன்னொரு தப்பு என் கையால் நடந்தது. இளம் வேர்நுனியில் காஸ்பேரியன் பட்டை முழுசாக உருவாகியிருக்காது. பக்கவேர் துளைத்து வெளிவரும் இடத்திலும் இடைவெளி விழும். நெல்லில் சோடியம் பெரும்பாலும் இந்த ஓட்டைகள் வழியாகத்தான், சவ்வைத் தொடாமலே, உள்ளே போய்விடுகிறது. காய்ந்த நாற்றங்காலில் நாற்றை வெடுக்கென்று பிடுங்கி, வேரையெல்லாம் அறுத்து, உப்புத் தண்ணீரில் நட்டேன். காவலைக் கலைத்துவிட்டுத் திருடனைக் கூப்பிட்ட கதை.

எப்படிக் கண்டுபிடிப்பது? வறட்சி என்றால் மண் காய்ந்திருக்கும். உப்பு என்றால் மண் ஈரமாக இருக்கும்போதே மத்தியானம் இலை சுருளும். பழைய இலையின் நுனி முதலில் வெளுத்துக் காயும். காய்ந்த வரப்போரம் வெள்ளை பூக்கும்.

இப்போது வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி, ஊறவிட்டு, வடித்த பிறகுதான் நடுகிறேன். 35 நாள் நாற்று. முந்தின நாளே நாற்றங்காலை நனைத்து மெதுவாகப் பிடுங்குகிறோம். நின்ற தண்ணீர் பாதியானதும் மேலே ஊற்றுவதில்லை, வடித்துவிட்டுப் புதிதாகப் பாய்ச்சுகிறேன். ரகம் குழியடிச்சான். வடிகால் இல்லாத தாழ்ந்த மூலையில் இதெல்லாம் செய்தும் பயிர் பிழைக்கவில்லை. வடித்தால் போக இடம் வேண்டுமே.

ஆயாவிடம் போன போகம் சொன்னேன்: "தண்ணி இருந்துச்சு ஆயா, அதைவிட உப்பு பலமா இழுத்துப் புடிச்சுக்கிச்சு." "அதானே, கடல் பக்கத்துலயே இருந்தும் நாம குடத்தைத் தூக்கிட்டு லாரிக்கு நிக்கலையா?" என்றார்.